மழைத்துளியின் வேகம்: விரிதாளில் ஆய்லர் முறை

1,000 மீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளிக்குக் காற்றின் தடையே இல்லையென்றால், தரையைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 140 மீட்டராக இருக்கும். அந்த வேகத்தில் பெய்யும் மழையில் எந்தப் பயிரும் நிற்காது. உண்மையில் 2 மில்லிமீட்டரைவிடச் சற்றுப் பெரிய துளி வினாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் வேகத்தில்தான் வந்து விழுகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் அது புவியீர்ப்புக்குச் சமமாகிவிட, அதற்குமேல் வேகம் ஏறுவதில்லை. அந்த 7 மீட்டரைத் துளி எப்படி, எவ்வளவு விரைவாக எட்டுகிறது என்பதைக் கணக்கிட எக்செல் போன்ற ஒரு விரிதாளும் கூட்டல், பெருக்கலும் போதும். ஆனால் கணக்குப் போட்டு வரைபடமும் வரைந்த பிறகு, அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பல பாடநூல்கள் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இந்தக் கேள்வியை விட்டுவிடுகின்றன. எனக்கு முறையைவிட இதுவே முக்கியமாகப் படுகிறது.

துளியின் முடுக்கத்துக்கான சமன்பாடு எளிது. புவியீர்ப்பு தரும் 9.8-இலிருந்து காற்றின் தடையைக் கழிக்க வேண்டும். இந்த அளவுள்ள துளிக்குத் தடை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்துக் கூடுகிறது என்று கொள்ளலாம். 7 மீட்டர் வேகத்தில் முடுக்கம் சுழியாக வேண்டுமானால் அந்த வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்க வேண்டும்; 49-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 9.8 வருகிறது. ஆக, முடுக்கம் என்பது 9.8-இலிருந்து வேக வர்க்கத்தின் 0.2 மடங்கைக் கழித்தது. சிக்கல் எங்கே இருக்கிறது என்றால், வேகம் தெரிந்தால்தான் முடுக்கம் தெரியும், முடுக்கம் தெரிந்தால்தான் அடுத்த வேகம் தெரியும். லியோனார்டு ஆய்லர் 1768-இல் வெளியான தம் தொகைநுண்கணித நூலில் இதற்கு ஒரு வழி சொன்னார். காலத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் இருக்கும் முடுக்கமே அந்தத் துண்டு முடியும்வரை மாறாமல் நீடிப்பதாக வைத்துக்கொண்டு அடுத்த வேகத்தைக் கணக்கிட வேண்டும். அங்கே முடுக்கத்தைப் புதிதாகக் கணக்கிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும்.

விரிதாளில் முதலில் மாறிலிகளுக்கு இடம் ஒதுக்குங்கள். B1 கட்டத்தில் 9.8, B2-இல் 0.2, B3-இல் காலத்துண்டின் நீளமான 0.1 வினாடி. ஐந்தாம் வரிசையில் A முதல் D வரை நேரம், வேகம், முடுக்கம், வேக மாற்றம் என்று தலைப்பிடுங்கள். A6, B6 இரண்டிலும் 0; துளி அசையாத நிலையிலிருந்து விழத் தொடங்குகிறது. மற்றவை இவை:

```
C6: =$B$1-$B$2*B6^2
D6: =C6*$B$3
A7: =A6+$B$3
B7: =B6+D6
```

C6, D6 இரண்டையும் ஏழாம் வரிசைக்கு நகலெடுத்து, பிறகு ஏழாம் வரிசை முழுவதையும் 36-ஆம் வரிசைவரை இழுத்துவிட்டால் மூன்று வினாடிக்கான கணக்கு முடிந்தது. முதல் இரு வரிசைகளைக் கையாலும் போட்டுப் பார்ப்பது நல்லது. தொடக்கத்தில் வேகம் 0, முடுக்கம் 9.8, மாற்றம் 0.98. எனவே 0.1 வினாடியில் வேகம் 0.98. அதன் வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்கினால் 0.192, முடுக்கம் 9.608 ஆகக் குறைகிறது. மாற்றம் 0.961. ஆகவே 0.2 வினாடியில் வேகம் 1.941. இப்படியே இறங்கினால் 0.5 வினாடியில், அதாவது 11-ஆம் வரிசையில், 4.375 நிற்கும்.

டாலர் குறிகளை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம், புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் அது. `=B1-B2*B6^2` என்று எழுதி இழுத்தால் ஏழாம் வரிசையில் அது B2, B3 கட்டங்களுக்கு நகர்ந்துவிடும். 9.6 வர வேண்டிய இடத்தில் 0.1 வரும், இன்னும் இரண்டு வரிசை கீழே தலைப்பு எழுத்தையே பெருக்கப் பார்த்து `#VALUE!` என்று நிற்கும். இன்னொரு பிழை, B7-இல் D6-க்குப் பதிலாக D7-ஐக் கூட்டுவது. அப்போது வேகத்துக்கு முடுக்கமும், முடுக்கத்துக்கு அதே வேகமும் தேவைப்பட்டு, வட்டமாகச் சுற்றுகிறது என்று விரிதாள் எச்சரிக்கும். ஆய்லர் முறையின் சாரமே இந்த இடத்தில்தான் இருக்கிறது: முந்தைய வரிசையின் முடுக்கத்தைக் கொண்டு மட்டுமே அடுத்த வரிசையின் வேகம் எழுதப்படுகிறது.

வரைபடத்துக்கு A5 முதல் B36 வரையுள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுத்து `Scatter` வகையைப் போடுங்கள். `Line` வகை வேண்டாம். அது நேரத்தை எண்ணாகக் கொள்ளாமல் வெறும் பெயராகக் கொண்டு புள்ளிகளைச் சம இடைவெளியில் அடுக்கும். பிறகு வேறு காலத்துண்டுக்கான கணக்கை அதே படத்தில் சேர்த்தால் இரண்டும் பொருந்தாது. புள்ளிகளை நேர்கோடுகளால் இணைக்கும் வடிவமே நல்லது. வளைத்து மெருகூட்டும் வடிவம், நாம் கணக்கிடாத இடங்களிலும் தானாக ஒரு வளைவைப் போட்டுக்காட்டுகிறது. வந்த படம் அழகாகவே இருக்கும்: செங்குத்தாக ஏறி, மெல்லச் சாய்ந்து, 7-இல் படுத்துவிடும் கோடு. எதிர்பார்த்த வடிவம், எதிர்பார்த்த இறுதி வேகம். இவ்வளவையும் பார்த்ததும் கணக்கு சரி என்ற முடிவுக்கு வந்துவிடத் தோன்றும்.

அந்த முடிவு தவறு என்பதை விரிதாளே காட்டும். B3-இல் 0.5 என்று மாற்றிப் பாருங்கள். வேகம் 0, 4.9, 7.399, 6.824, 7.067 என்று போகிறது. துளி 7-ஐத் தாண்டுவதை நம் சமன்பாடு ஒருபோதும் அனுமதிக்காது. 7-ஐ நெருங்க நெருங்க முடுக்கம் சுழியை நெருங்குவதால் தாண்டும் வாய்ப்பே இல்லை. இருந்தும் கணக்கு தாண்டியது. காரணம், 4.9 வேகத்தில் இருந்த முடுக்கத்தையே அரை வினாடி முழுவதும் பிடித்துக்கொண்டு ஓடியதுதான். அதைவிடக் கவனிக்க வேண்டியது, இந்தத் தப்பான கணக்கும் கடைசியில் 7-இலேயே வந்து அடங்குகிறது என்பது. முடுக்கம் சுழியாகும் இடம் சமன்பாட்டில் இருக்கிறது, காலத்துண்டின் நீளத்தில் இல்லை; பாதை எவ்வளவு கோணலாக இருந்தாலும் அடங்கினால் அங்கேதான் அடங்கும். எனவே இறுதி வேகம் சரியாக வந்திருப்பது, வழியில் உள்ள எண்கள் சரி என்பதற்குச் சான்றே அல்ல. துண்டை 0.8 ஆக்கினால் அடங்குவதும் நின்றுவிடுகிறது: 7.84, 5.85, 8.22, 5.25, 8.68 என்று ஊசலாட்டம் பெரிதாகிறது. 1.2 ஆக்கினால் இரண்டாம் அடியிலேயே வேகம் எதிர்க்குறி பெற்று, மழை வானத்தை நோக்கிப் பெய்கிறது.

இவ்வளவு பெரிய துண்டை யார் எடுப்பார்கள், 0.1 எடுத்தால் இந்தக் கோளாறு எதுவும் இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் 0.1-இலும் பிழை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே வேறுபாடு. துளியின் முடுக்கம் ஒவ்வொரு நொடித்துணுக்கிலும் குறைந்துகொண்டே வர, நாம் தொடக்க முடுக்கத்தையே துண்டு முழுவதும் கொடுத்துவிடுகிறோம். ஆகவே நம் வேகம் ஏறும் பகுதி முழுவதும் உண்மையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். எவ்வளவு அதிகம் என்று அறிய B3-இல் 0.05 போடுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: துண்டு பாதியானால் அதே வரிசைகள் பாதி நேரத்தைத்தான் எட்டும். 66-ஆம் வரிசைவரை இழுத்துவிட்டு, வரிசையை வரிசையோடு ஒப்பிடாமல் நேரத்தை நேரத்தோடு ஒப்பிட வேண்டும். 0.5 வினாடி இப்போது 16-ஆம் வரிசையில் இருக்கிறது. அங்கே வேகம் 4.302. முன்பு 4.375. இரண்டுக்கும் வேறுபாடு 0.073. ஆய்லர் முறையில், துண்டு போதிய அளவு சிறிதாக இருக்கும்போது, பிழை துண்டின் நீளத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். அப்படியானால் பாதியாக்கியதில் போன 0.073 அளவுக்கே இன்னும் மீதி இருக்கிறது. 4.302-இலிருந்து அதையும் கழித்தால் 4.229.

இந்தச் சமன்பாட்டுக்கு நேரடி விடை உண்டு என்பதால் சோதித்துவிடலாம். E6-இல் இதை எழுதி இழுங்கள்:

```
=SQRT($B$1/$B$2)*TANH(SQRT($B$1*$B$2)*A6)
```

0.5 வினாடியில் சரியான வேகம் 4.2306. நம் மதிப்பீடு 0.0015 அளவுக்கே விலகியிருக்கிறது. இந்த நெருக்கத்தை வெறும் ஆய்லர் முறையால் எட்ட, துண்டை 0.001 வினாடியாக்கி அரை வினாடிக்கு ஏறத்தாழ 500 வரிசைகள் இழுக்க வேண்டும். நாம் பயன்படுத்தியவை ஐந்தும் பத்துமாகப் பதினைந்து அடிகள். பிழையின் அளவு மட்டுமல்ல, அது குறையும் விதமும் தெரிந்திருந்ததால் கிடைத்த ஆதாயம் இது.

நேரடி விடை இருக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. தடைக்கெழு மாறாத 0.2 ஆக இருப்பதால்தான் அந்த விடை கிடைத்தது. துளி விழும்போதே ஆவியாகிச் சிறுத்தாலோ, எதிரே காற்று வீசியும் நின்றும் மாறினாலோ, எழுதி முடிக்கக்கூடிய விடை பெரும்பாலும் கிடைக்காது. விரிதாளிலோ C நெடுவரிசையை மட்டும் திருத்தினால் போதும். அங்கே E நெடுவரிசை இருக்காது. துண்டைப் பாதியாக்கிப் பார்ப்பது ஒன்றே கைவசம் இருக்கும் சோதனை. ரன்ஜ்-குட்டா போன்ற கூர்மையான முறைகள் இருக்கின்றனவே என்பது அடுத்த கேள்வி. நீண்ட கணக்குகளுக்கு அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும், அதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவற்றின் விடைகளையும் துண்டின் நீளத்தை மாற்றித்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது. துண்டைப் பாதியாக்கினால், நான்காம் படி ரன்ஜ்-குட்டாவில் பிழை இரண்டில் ஒரு பங்குக்குப் பதிலாக ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகக் குறையும் என்பதே வேறுபாடு.

இந்தச் சோதனையும் எந்த நேரத்தில் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. மூன்றாம் வினாடியில் ஒப்பிட்டால் அடங்கும் துண்டுகள் எல்லாமே 7-ஐ ஒட்டியே காட்டும், வேறுபாடே இல்லாததுபோல் இருக்கும். வேகம் ஏறிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு வினாடி ஆவதற்குள், சுமார் 10 மீட்டர் விழுவதற்குள், துளி தன் இறுதி வேகத்தில் 99 விழுக்காட்டை எட்டிவிடுகிறது என்பதால் அந்த இடம் குறுகியது. துளி சிறியதானால் இன்னும் குறுகும். 1 மில்லிமீட்டர் துளியின் இறுதி வேகம் வினாடிக்குச் சுமார் 4 மீட்டர். அதற்கு B2-இல் 0.6125 போட வேண்டும். ஊசலாட்டம் அடங்குவதற்கான துண்டின் உச்ச நீளம், இறுதி வேகத்தை 9.8-ஆல் வகுத்தால் வரும். பெரிய துளிக்கு அது 0.71 வினாடி, சிறிய துளிக்கு 0.41. முன்பு ஆடியாவது அடங்கிய அதே 0.5, B2 மாறியதும் 4.9, 2.45, 5.51 என்று அடங்காமல் துள்ளத் தொடங்கும்.