ஆர்டரைக் கடை அனுப்புவதா, குடோன் அனுப்புவதா?

கள்ளக்குறிச்சியில் ஒருவர் செல்போனில் மிக்ஸி ஆர்டர் செய்கிறார். அந்த நிறுவனத்துக்குச் சென்னையில் குடோன் இருக்கிறது, கள்ளக்குறிச்சியிலேயே கிளையும் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதால் கடையே அனுப்பிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் தூரத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் நட்டம் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்பவை. சென்னையிலிருந்து கூரியரில் அனுப்ப 110 ரூபாய், கடையிலிருந்து டவுனுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க 50 ரூபாய் என்றால் மிச்சம் 60. அந்த மிக்ஸி ஒன்றில் கடைக்கு லாபம் 500 ரூபாய். கடையில் இரண்டு நாளைக்கு ஒன்று விற்கிறது. அடுத்த லோடு வர நான்கு நாள் ஆகும்.

கடையில் இருப்பது இரண்டே மிக்ஸி என்றால், ஒன்றை ஆன்லைனுக்குக் கொடுத்தபின் நேரில் வருபவரை வெறுங்கையோடு அனுப்ப நேரும் வாய்ப்பு 100-க்கு ஏறக்குறைய 60. அதாவது 60 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், சராசரியாக 300 ரூபாய் லாபத்தைப் பணயம் வைக்கிறோம். வந்தவர்களில் பாதிப்பேர் வேறு மாடலை வாங்கிக்கொண்டாலும் குடோன்தான் சரி. அதே கடையில் ஆறு மிக்ஸி இருந்தால் அந்த வாய்ப்பு 100-க்கு இரண்டுகூட இல்லை. தயங்காமல் கடையே அனுப்பலாம். தேங்கிப்போய், நாளை தள்ளுபடியில் தள்ள வேண்டிய பழைய மாடலையும் முதலில் கடையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது தவறான ஸ்டாக். கம்ப்யூட்டர் 'ஒன்று' என்று காட்டும். போய்ப் பார்த்தால் அது பெட்டியில்லாத டிஸ்ப்ளே பீஸாக இருக்கும், அல்லது யாரோ முன்பணம் கட்டி எடுத்துவைக்கச் சொன்னதாக இருக்கும். அதனால்தான் கடைசி ஒன்றிரண்டை ஆன்லைன் கண்ணில் காட்டாமல் ஒதுக்கிவைக்கிறார்கள். எத்தனை ஒதுக்குவது என்பதைக் கிளைவாரியாகப் பார்க்க வேண்டும். தனக்கு வந்த ஆர்டரை 'சரக்கு இல்லை' என்று ஒரு கிளை அடிக்கடி திருப்பினால், அங்கே ஸ்டாக்கை எண்ணிச் சரிசெய்யும்வரை கூடுதலாக ஒதுக்குவதே வழி. அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் ஆன்லைன் ஆர்டர்களில் பெரும்பகுதியைக் கடைகளிலிருந்தே அனுப்புகிறது. இருப்புக் கணக்கு துல்லியமாக இல்லாமல் அந்த அளவில் இதைச் செய்ய முடியாது.

கல்வராயன் மலைக்கு இந்தக் கணக்கே மாறுகிறது. கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஒரே ஒரு மிக்ஸிக்காக வண்டி ஏறினால், டவுனுக்குள் ஆகும் 50 ரூபாய் பல மடங்காகும். கூரியர்க்காரரோ பல கம்பெனிப் பார்சல்களைச் சேர்த்து ஏற்றுவதால் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறார். எனவே கடை கையிருப்பு நிறைய இருந்தாலும் மலை ஆர்டருக்குக் குடோனும் கூரியரும் மலிவாக அமையலாம். கடைக்கு இருக்கும் வழி, மலைக்கான ஆர்டர்களை ஒரே நாளில் சேர்த்து அனுப்புவது. அல்லது டவுனுக்கு வரும்போது கடையில் வாங்கிக்கொள்ளலாமா என்று வாடிக்கையாளரை ஆர்டரின்போதே கேட்பது. அவர் சம்மதித்தால் மலை ஏறும் செலவு இல்லை. பெட்டியைப் பிரித்து ஓட்டிப் பார்த்தும் வாங்கலாம். ஆனால் அவர் வரும்வரை அந்தப் பெட்டியைத் தனியே எடுத்துவைத்து, கணக்கிலும் அப்போதே கழித்துவிட வேண்டும்.