கையெழுத்து எதற்கு, யாருடையது?

பிரிட்டனில் டிஎஸ்பி என்றொரு வங்கி இருக்கிறது. லாயிட்ஸ் வங்கிக் குழுமத்திலிருந்து பிரிந்து வந்த பிறகும், அதன் கணக்குகளெல்லாம் லாயிட்ஸின் கணினிகளில்தான் ஓடிக்கொண்டிருந்தன. 2015-ல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி டிஎஸ்பியை வாங்கியது. புதிதாக ஒரு கணினி அமைப்பை உருவாக்கி, 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் அதற்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. அந்த வேலையைச் சபாடெலின் தொழில்நுட்பப் பிரிவான சபிஸ் ஏற்றது.

2018 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை மாற்றம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை மாலை புதிய அமைப்பைத் திறந்ததுமே தொல்லைகள் ஆரம்பித்தன. பலரால் தங்கள் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. சிலருக்கு அடுத்தவரின் கணக்கு விவரம் திரையில் வந்தது. எல்லாக் கிளைகளும் பாதிக்கப்பட்டன. நிலைமை முழுமையாகச் சீரடைய அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. வாடிக்கையாளர்களுக்கு வங்கி கொடுத்த இழப்பீடு 3 கோடியே 27 லட்சம் பவுண்டு. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாடிக்கையாளர்களின் தரவு பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்குச் சரியாகவே போய்ச் சேர்ந்திருந்தது. 'தரவு மாற்றம் முடிந்தது' என்று யாராவது எழுதியிருந்தால் அது உண்மைதான். அந்தத் தரவைத் தாங்கி நின்ற அமைப்புதான் தடுமாறியது.

பெரிய மென்பொருளை வெளியிடுவதற்கு முன் பொறுப்பாளர்கள் கூடி 'போகலாமா, வேண்டாமா' என்று தீர்மானிப்பார்கள். மென்பொருள் நிறுவனங்களில் இதைக் 'கோ, நோ-கோ' கூட்டம் என்பார்கள். அங்கே மேசைமேல் இருப்பது ஒரு பட்டியல். இன்னும் மிச்சமிருக்கும் ஒவ்வொரு வேலையும் அதில் ஒரு வரி. வேலையைச் செய்பவர் யார், எப்போதைக்குள் முடியும், முடிந்தது என்று ஒப்புதல் தருபவர் யார் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். முடிந்தவை பச்சை, ஆபத்தில் இருப்பவை மஞ்சள், நின்றுபோனவை சிவப்பு. டிஎஸ்பியிலும் இயக்குநர் குழு ஒப்புதல் தந்த பிறகுதான் வேலை தொடங்கியது. ஆக, ஒப்புதல் இல்லாமல் நடந்த விபத்து அல்ல இது. அந்த ஒப்புதல்களுக்குக் கீழே என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. ஸ்லாட்டர் அண்டு மே என்ற சட்ட நிறுவனம் 2019-ல் வெளியிட்ட நீண்ட விசாரணை அறிக்கை அதைத்தான் தோண்டிப் பார்த்தது.

புதிய அமைப்பு இரண்டு தரவு மையங்களில் ஒரே நேரத்தில் இயங்க வேண்டியது. எத்தனை பேர் ஒரே சமயத்தில் நுழைந்தால் தாங்கும் என்று பார்க்கும் சோதனையோ ஒரு மையத்தில் மட்டுமே நடந்தது. இரண்டும் சேர்ந்து இயங்கும்போது மட்டும் தலைகாட்டும் கோளாறு, ஒன்றை மட்டும் சோதித்தால் எப்படித் தெரியும்? ஒரு மையத்தில்தான் சோதித்தோம் என்பது இயக்குநர் குழுவின் காதுக்கும் எட்டவில்லை. பட்டியலில் 'சுமைச் சோதனை: முடிந்தது' என்று மட்டும் இருந்தால் இப்படித்தான் ஆகும். 'இரண்டு மையங்களும் சேர்ந்து இயங்கும் நிலையில், இத்தனை பேர் நுழையும்போது, இத்தனை விநாடிக்குள் பதில் வருகிறது' என்று அந்த வரியை எழுதியிருந்தால், அதன் அருகே பச்சை வைக்க யாருக்கும் கை வந்திருக்காது. ஒரு வேலை முடிந்தது என்பதற்கான அளவுகோலை அந்த வேலை தொடங்கும் முன்பே எழுதிவிட வேண்டும் என்பது இதனால்தான். கடைசி வாரத்தில் எழுதினால், கையில் இருக்கும் முடிவுக்கு ஏற்றபடி அளவுகோல் சுருங்கிவிடும்.

அடுத்தது ஒரு கடிதம். அமைப்பு தயார் என்று சபிஸ் வங்கிக்கு எழுத்தில் உறுதி தந்தது. ஆனால் சபிஸ் தனி ஆளாக வேலை செய்யவில்லை. அதற்குப் பின்னால் 85 நிறுவனங்கள் இருந்தன. அவர்களில் பலர் சபிஸுக்குத் தந்த உறுதிமொழிகள் 'தயாராகிவிடுவோம் என்று எதிர்பார்க்கிறோம்' என்ற ரகத்தைச் சேர்ந்தவை. 'சோதித்தோம், முடிவு இது' என்று அவை சொல்லவில்லை. கீழே எதிர்பார்ப்பாக இருந்தது, இரண்டு படி ஏறி மேலே வந்தபோது உறுதியாக மாறிவிட்டது. வெளியாரிடம் ஒப்படைத்த வேலைகளைப் போதிய அளவு மேற்பார்வை செய்யவில்லை என்று, வங்கியின் அன்றைய தகவல் தொழில்நுட்பத் தலைவருக்கு 2023-ல் 81,620 பவுண்டு தனிப்பட்ட அபராதம் விழுந்தது. கையெழுத்துக்கு உரியவர் ஒரு நிறுவனம் அல்ல, ஒரு மனிதர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நல்ல பட்டியலில் வேலையைச் செய்தவரும் ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்க மாட்டார்கள். 'சோதனைக் குழு' என்று மொட்டையாக எழுதாமல் ஒருவரின் பெயரை எழுதுவார்கள். அவர் விடுப்பில் போனால் அவருக்குப் பதில் யார் என்பதும் இருக்கும். சோதனை அறிக்கை எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பக்கத்திலேயே இருக்கும். மென்பொருளின் எந்தப் பதிப்புக்கு அந்த ஒப்புதல் என்பதும் இருக்கும். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். செவ்வாய்க்கிழமை கையெழுத்தாகிறது, புதன்கிழமை யாரோ ஒரு சிறு பிழையைத் திருத்துகிறார்கள், வியாழக்கிழமை வெளியாவது யாரும் கையெழுத்திடாத வேறொரு மென்பொருள். திருத்தம் தொட்ட வரிகளையாவது மறுபடி சிவப்பாக்கிச் சோதிக்க வேண்டும்.

மஞ்சள் வரிகளைக் கூட்டத்துக்குப் பிறகும் மஞ்சளாகவே விடக்கூடாது. முடியாத வேலையோடு வெளியிடுவது சில சமயம் நியாயமாகவே இருக்கலாம். அப்போது, 'இந்தக் குறை தெரிந்தே போகிறோம், வாடிக்கையாளருக்கு இன்ன பாதிப்பு வரலாம், இத்தனை மணிக்குள் சரியாகாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவோம்' என்று எழுதி, அந்த ஆபத்தை ஏற்க அதிகாரமுள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டும்.

டிஎஸ்பியில் இவை எல்லாவற்றையும் நெருக்கியது தேதி. மாற்றம் முதலில் 2017 நவம்பரில் நடப்பதாக இருந்தது. சில வேலைகள் ஏழு மாதம் வரை பின்தங்கியிருந்தும், புதிய திட்டம் நான்கு மாதம் மட்டுமே தள்ளிவைத்தது. அந்தக் கணக்கு எப்படிச் சரியாகும் என்று இயக்குநர் குழு உரிய முறையில் கேட்கவில்லை என்கிறது அறிக்கை. தேதியை முதலில் குறித்துவிட்டு வேலைகளை அதற்குள் அடைத்தால், பட்டியலில் இருப்பது ஒரே பதிலாகிவிடும். 'வேண்டாம்' என்று சொல்ல இடமில்லாத கூட்டத்தை நடத்துவதும் நடத்தாததும் ஒன்று.

அந்த இடத்தை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஃபெடோரா என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம், வெளியீட்டுக்குமுன் யாரும் பார்க்கக்கூடிய திறந்த கூட்டம் நடத்துகிறது. எந்தப் பிழை வெளியீட்டை நிறுத்தும் என்பதற்கான விதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. 2022 அக்டோபர் இறுதியில் அதன் 37-வது பதிப்பு ஏற்கெனவே தாமதமாகியிருந்தது. அப்போது ஓபன்எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்பு மென்பொருளில் மிகக் கடுமையான ஓட்டை இருக்கிறது, நவம்பர் 1 அன்று திருத்தம் வரும் என்று அறிவிப்பு வந்தது. விவரம் யாருக்கும் தெரியாது. இன்னொரு தாமதமா என்ற சங்கடம் இருந்தும் ஃபெடோரா குழு காத்திருந்தது. ஏனென்றால், ஒருமுறை விநியோகித்த நிறுவல் கோப்பைப் பிறகு திருத்த முடியாது. நவம்பர் 1 அன்று பார்த்தால், ஓட்டை பயந்த அளவுக்குக் கடுமையானதல்ல என்று அதன் தரம் ஒரு படி குறைக்கப்பட்டிருந்தது. திருத்தத்தைச் சேர்த்து, மீண்டும் சோதித்து, நவம்பர் 15 அன்று 37-வது பதிப்பை வெளியிட்டார்கள்.