நோஸ் பேட் மாற்றினால் மட்டும் போதாது

மூக்குக் கண்ணாடியின் எடையில் பெரும்பகுதியை மூக்கின் இருபுறமும் அமரும் இரண்டு சின்ன பேடுகள்தான் தாங்குகின்றன. வியர்வையும் முகத்தின் எண்ணெய்ப் பசையும் பட்டு நாளடைவில் அவை மஞ்சளாகி, இறுகி, வெடிக்கும். பேட் பொருந்தியிருக்கும் இடத்தில் பச்சையாக அழுக்கு படிவதையும் பார்த்திருப்பீர்கள். ஃப்ரேம் உலோகத்தில் கலந்திருக்கும் செம்பு வியர்வை பட்டுக் களிம்பு ஏறுவதுதான் அது.

எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவரின் ஸ்டீல் ஃப்ரேமில் இடப்பக்க பேட் பாதி உடைந்து விழுந்துவிட்டது. மீதிப் பாதியோடே சில வாரம் ஓட்டியிருக்கிறார். தூரப்பார்வையும் கிட்டப்பார்வையும் ஒரே லென்ஸில் உள்ள புரோக்ரஸிவ் கண்ணாடி அது. செய்தித்தாள் படிக்க மோவாயைத் தூக்கியே ஆக வேண்டியிருந்தது. கழுத்து வலி வந்துவிட்டது. இந்த வகை லென்ஸில் படிக்கும் பகுதி கீழே இருக்கும். கண்ணாடி 2 மில்லிமீட்டர் இறங்கினாலே அந்தப் பகுதியும் கூடவே இறங்கிவிடும். கண் அதைத் தேடித் தலையை அண்ணாந்துகொள்கிறது.

முதலில் பேட். உங்கள் ஃப்ரேமில் இருப்பது ஸ்க்ரூ வகையா, அழுத்திப் பொருத்தும் வகையா என்று பாருங்கள். ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பழைய பேடின் நீளத்தை அளந்துகொண்டால் கடையில் கேட்பது எளிது. பெரியவருடையது 13 மில்லிமீட்டர், ஸ்க்ரூ வகை. ஒன்றுதான் உடைந்தது என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பேடும் புதிய பேடும் ஒரே உயரத்தில் நிற்காது.

வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். அந்த ஸ்க்ரூ அரிசி நொய் அளவுதான், விழுந்தால் கிடைக்காது. களிம்பில் இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து திருப்புங்கள். வலிந்து திருகினால் ஸ்க்ரூவின் தலை மழுங்கிவிடும். புதிய பேடைப் பொருத்தும்போது முழுக்க முடுக்கிவிடக் கூடாது. மூக்கின் சரிவுக்கேற்பச் சாய்ந்துகொள்ள பேடுக்குக் கொஞ்சம் அசைவு தேவை. உடனடிப் பசை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி லென்ஸில் வெண்மையாகப் படிந்துவிடும்.

பலரும் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பெரியவருக்குப் புது பேட் போட்ட பிறகும் இடப்பக்க லென்ஸ் கன்னத்தை ஒட்டியே நின்றது. கண்ணாடியை மேலிருந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. பேடைப் பிடித்திருக்கும் மெல்லிய கம்பி, இடப்பக்கம் மட்டும் ஃப்ரேமை நோக்கி அமுங்கிப் போயிருந்தது. உடைந்த பேடோடு கழற்றி மாட்டியதில் அந்தக் கம்பியும் வளைந்துவிட்டது. கண்ணாடிக் கடைக்காரர் மெல்லிய குறடால் அதைச் சிறிது சிறிதாகப் பின்னால் இழுத்து, வலப்பக்கக் கம்பியோடு ஒப்பிட்டுச் சரிசெய்தார். இந்தக் கம்பிகள் எப்படி நிற்கின்றன என்பதைப் பொறுத்தே கண்ணாடியின் உயரமும் மாறும். இரண்டு பேடையும் நெருக்கினால் கண்ணாடி மேலேறும், அகற்றினால் கீழிறங்கும்.

அடுத்து, கைகளை விரித்துக் கண்ணாடியை மேசையில் தலைகீழாக வைத்துப் பார்த்தார். ஒரு கை மேசையைத் தொடாமல் தூக்கி நின்றது. குற்றம் எந்தக் கையில் என்பதை முகத்தில் மாட்டித்தான் சொல்ல முடியும். மாட்டியபோது இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. இடப்பக்கம் தாழ்ந்தால் இடக்கையைக் கீழ்நோக்கி வளைக்க வேண்டும். கை காதின் மேல் அமர்ந்திருப்பதால், அது கீழே வளைந்தால் ஃப்ரேமின் முன்பக்கம் மேலேறும். வளைக்கும்போது ஃப்ரேமின் ஓரத்தை ஒரு குறடால் இறுகப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் அந்த அழுத்தம் லென்ஸுக்குப் போய்விடும். ஃப்ரேம் விளிம்பே இல்லாத ரிம்லெஸ் கண்ணாடியில் இப்படிக் கையால் முறுக்கினால், லென்ஸில் துளையிட்ட இடத்தில் விரிசல் விழும்.

மேசையில் நேராக நிற்கும் கண்ணாடி முகத்தில் கோணலாக நிற்பதும் உண்டு, ஏனென்றால் பலருக்கு இரண்டு காதும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அப்போது முகத்துக்கேற்ப அமர்வதே சரி, மேசையில் சற்றுக் கோணலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. அரை மணி நேரம் போட்டுக் கழற்றி மூக்கைப் பாருங்கள். இருபுறமும் ஒரே மாதிரி லேசான தடம் இருந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கோடு போல ஆழமாகச் சிவந்திருந்தால், அந்த பேட் முழுதாகப் படியாமல் விளிம்பால் அழுத்துகிறது.

பேட் மாற்றுவதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கம்பி ஒடிந்தாலோ, பிளாஸ்டிக் ஃப்ரேமோடு வார்த்த பேட் தேய்ந்தாலோ, ரிம்லெஸ் கண்ணாடி கோணினாலோ கடைக்கே கொண்டுபோங்கள். வாங்கிக்கொண்டு உடனே திரும்பாமல், அங்கேயே முகத்தில் மாட்டி, கடைக்காரரை எதிரே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.