பில்லின் மூலையில் ஒளிந்திருக்கும் மூணு வட்டி! தெரியுமா?

“30 நாள் கடன். 10 நாளில் பணம் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி.” மொத்த வியாபாரி தரும் பில்லில் இப்படி ஒரு வரி இருந்தால், அதற்குள் எவ்வளவு வட்டி இருக்கிறது தெரியுமா?

அது 2 சதவீதம் அல்ல, 37 சதவீதம்!
பில் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாம் நாள் 98,000 கட்டினால் கணக்கு முடிந்தது. முப்பதாம் நாள் கட்டினால் முழு லட்சம். அதாவது 98,000 ரூபாயை மேலும் 20 நாள் வைத்திருக்க 2,000 ரூபாய் வட்டி! முதல் 10 நாள் எப்படியும் இலவசம்தான். 2,000-ஐ 98,000-ஆல் வகுத்து, 365/20-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 37.2 சதவீதம். நூற்றுக்கு மாதம் மூணு வட்டியையே தாண்டிவிட்டது! கூட்டு வட்டியாகப் போட்டால் 44.6 சதவீதம்!

பதினோராம் நாள் கட்டினால் 745 சதவீதம்!
ஒரே ஒரு நாள் தவறி, பதினோராம் நாள் லட்சத்தைக் கட்டுகிறீர்கள். 2,000 ரூபாய் கொடுத்து வாங்கியது வெறும் 1 நாள்! அதனால் கட்ட வேண்டிய நாட்கள் இரண்டே இரண்டு: பத்தாம் நாள், அதை விட்டால் முப்பதாம் நாள். ஐந்தாம் நாளே கட்டினாலும் தள்ளுபடி அதிகமாகாது.

கடன் வாங்கிக் கட்டினாலும் லாபம்!
கையில் காசு இல்லையா? வங்கி ஓ.டி. வட்டி 12 சதவீதம் என்றால், 98,000 ரூபாய்க்கு 20 நாள் வட்டி சுமார் 644 ரூபாய்தான். தள்ளுபடி 2,000. ஒரே பில்லில் 1,356 ரூபாய் மிச்சம்! ஓ.டி. வரம்பில் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இழுத்தடித்தால் வட்டி குறைவதுபோலத் தெரியும்!
அறுபதாம் நாள் கட்டினால் அதே 2,000 ரூபாய் 50 நாளுக்குப் பரவி, 14.9 சதவீதமாக இறங்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்! சரக்கு கொடுத்தவர் குறு, சிறு உற்பத்தியாளராகப் பதிவு பெற்றவர் என்றால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கிடையாது. மீறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி!

தள்ளுபடியை வேண்டாம் என்பதே லாபமாகும் நேரமும் உண்டு!
அதே 12 சதவீத ஓ.டி., அதே 20 நாள் என்றால், சமநிலைப் புள்ளி நூற்றுக்குச் சுமார் 65 பைசா. தள்ளுபடி அதற்கும் கீழே என்றால், கண்ணை மூடிக்கொண்டு முப்பதாம் நாள் கட்டுங்கள். 1 சதவீதம் தந்தால்கூட ஆண்டுக்கு 18.4 சதவீதம் ஆகிவிடுகிறது. பத்தாம் நாளே கட்டிவிடுங்கள்!