பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெற முடியுமா?

அம்பத்தூரில் தொழிற்பேட்டையும், ஆவடியில் பெரிய தொழிற்சாலைகளும் ஏற்பட்ட பின்னர், பூவிருந்தவல்லி வரையிலுள்ள ஏரிப்பாசன நிலங்களில் பெரும்பகுதி வீட்டுமனைகளாகி விட்டன. எஞ்சியுள்ள அரை ஏக்கரோ, ஊர் நடுவிலுள்ள பழைய வீடோ இன்று பெருமதிப்புடையது. வயது முதிர்ந்த தகப்பனார் அதனை மகன் பெயருக்குத் தான செட்டில்மெண்டாக எழுதிவைக்கிறார். இரண்டு ஆண்டுகள் செல்கின்றன. சோறு போடுவாரில்லை, மருந்துக்குப் பணமில்லை. "நான் கொடுத்ததுதானே, நானே ரத்து செய்து விடுகிறேன்" என்று பெரியவர் சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் செல்கிறார். அங்கே அவருக்கு ஏமாற்றமே காத்திருக்கிறது.

தானம் என்பது கொடுத்தவர் தம் விருப்பம்போல் மீட்டுக்கொள்ளக் கூடியதன்று. பத்திரம் பதிவாகி, பெற்றவர் அதனை ஏற்றுக்கொண்ட பின் சொத்து அவருடையதாகி விடுகிறது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு சில நிலைமைகளில் மட்டுமே தானத்தை ரத்து செய்ய இடமளிக்கிறது. அந்த நிலைமைகள் இல்லாதபோது, கொடுத்தவர் மட்டும் தனியே எழுதிவரும் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்யச் சார்பதிவாளருக்கு அதிகாரமில்லை என்று 2022ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே, யாரேனும் இடைத்தரகர் "ரத்துப் பத்திரம் போட்டுத் தருகிறேன்" என்று பணம் கேட்டால், பஞ்சாயத்து உறுப்பினர்கள் பெரியவரைத் தடுத்து நிறுத்துவது நல்லது.

பெரியவருக்குரிய வழி வேறு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டு, நம் மாநிலத்தில் 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 23ஆம் பிரிவுதான் நாம் அறிய வேண்டுவது. 60 வயது நிரம்பிய ஒருவர், தமக்கு அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தைக் கொடுத்து, பெற்றவர் அவற்றை அளிக்கத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கருதப்படும். கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயம் அதனைச் செல்லாதென அறிவிக்கலாம். சட்டம் நடைமுறைக்கு வருமுன் எழுதிய பத்திரங்களுக்கு இப்பிரிவு பயன்படாது.

இதில் உயிர்நாடியான சொல் 'நிபந்தனை' என்பதே. நமது பத்திரங்களில் பெரும்பாலும் "என் மகன் மீதுள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்றுதான் எழுதப்படுகிறது. கவனிப்பைப் பற்றி ஒரு வரியும் இராது. அப்படியானால் என்ன ஆகும்? நீதிமன்றங்களே இதில் ஒரு குரலாகப் பேசவில்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்தது என்று காட்டினாலன்றி 23ஆம் பிரிவு உதவாது, அன்பினால் கொடுப்பவர் எப்போதும் பிரதிபலன் எதிர்பார்த்தே கொடுப்பதில்லை என்று கூறிற்று. 2025 ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு, இச்சட்டம் முதியோரின் நலனுக்கானது, ஆதலின் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது.

அந்த 2025ஆம் ஆண்டு வழக்கைச் சற்று விரிவாகக் காண்போம். மத்தியப் பிரதேசத்தின் சத்தர்பூரில் ஒரு தாயார் 2019 செப்டம்பரில் மகனுக்குத் தானப் பத்திரம் எழுதினார். அதே நாளில், ஆயுள் முழுவதும் கவனித்துக்கொள்வதாகவும், தவறினால் தாயார் சொத்தைத் திரும்பப் பெறலாம் என்றும் ஓர் உறுதிமொழிப் பத்திரமும் எழுதப்பட்டதாகத் தாயார் கூறினார். பிறகு கவனிப்பு இல்லை. கீழ் அதிகாரி தானத்தை ரத்து செய்தார். மாவட்ட ஆட்சியர் ஒப்புக்கொண்டார். உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும் ஏற்றார். ஆனால் அங்கேயே இருவர் அமர்வு, தானப் பத்திரத்திற்குள் நிபந்தனை இல்லையே என்று அதனை மாற்றிவிட்டது. உச்ச நீதிமன்றம் இரு தாள்களையும் சேர்த்துப் படித்துத் தாயாருக்கே சொத்தைத் திரும்ப ஒப்படைக்க ஆணையிட்டது. அந்த ஒரு தாள் இல்லாதிருப்பின் முடிவு என்னவாகியிருக்குமோ!

நமது மாநிலத்திலும் 2025 மார்ச்சில், நாகப்பட்டினத்திலிருந்து வந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு இன்னும் ஒரு படி சென்றது. மகனுக்கு எழுதிக்கொடுத்த தாயாரை, மகன் இறந்த பின் மருமகள் கவனிக்கவில்லை. நிபந்தனை வெளிப்படையாக எழுதப்பட வேண்டும் என்பதில்லை. அன்பு என்ற சொல்லுக்குள்ளேயே கவனிப்பு அடங்கியிருக்கிறது என்று அமர்வு கருதி, கோட்டாட்சியர் செய்த ரத்தை நிலைநிறுத்தியது. 2018இலேயே திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு விவசாயத் தம்பதியர் மகன்களுக்குக் கொடுத்த ஏறத்தாழ 5 ஏக்கர் நிலத்தை மாவட்ட ஆட்சியர் மீட்டுக் கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கலாம்.

இத்தீர்ப்புகளை நம்பி வெறும் பத்திரம் எழுதுவது புத்திசாலித்தனமன்று என்பது எங்கள் கருத்து. இனி எழுதுவோர், உணவும் மருத்துவமும் யார் செலவு, வீட்டில் எந்த அறை, மாதம் எவ்வளவு ரூபாய் என்பதைப் பத்திரத்திலேயே குறித்து, இவை தவறினால் செட்டில்மெண்டு ரத்தாகும் என்று சேர்க்கட்டும். ஒன்று கவனிக்க: "நான் விரும்பும்போது ரத்து செய்து கொள்வேன்" என்று எழுதக் கூடாது. கொடுப்பவர் மனம்போல் ரத்தாகும் தானம் 126ஆம் பிரிவின்படி தொடக்கத்திலேயே செல்லாது. கவனிப்புத் தவறுதல் கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்ததன்று. ஆதலால் அது பொருந்தும். ஆயுள்கால அனுபவ உரிமையைத் தமக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. உயிலாக எழுதினாலோ, உயிருடன் உள்ளவரை மாற்றலாம். ஆனால் பிள்ளைகள் அதனை அவ்வளவாக விரும்புவதில்லை!

நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுவதால் மற்றொரு நன்மையும் உண்டு. மகன் சொத்தை மூன்றாமவருக்கு விற்கப் போனால், வாங்குபவர் மூலப் பத்திரத்தைப் படிக்கும்போதே விஷயத்தை அறிந்து கொள்வார். அறியாமல் வாங்கினேன் என்று பிறகு சொல்வது கடினம். நிபந்தனை ஏதுமில்லாத பத்திரத்தை நம்பி, விலை கொடுத்து ஒருவர் வாங்கிவிட்டால் பெரியவரின் நிலை மிகவும் சிக்கலாகி, உரிமையியல் நீதிமன்றம்வரை செல்ல நேரிடலாம். ஆகவே கவனிப்புத் தவறியது தெரிந்ததும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பதில் தாமதம் கூடாது.

மனு கொடுக்க வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். பெரியவர் வசிக்கும் மாவட்டத்திலோ பிள்ளை வசிக்கும் மாவட்டத்திலோ தொடரலாம். அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆவடியும் பூவிருந்தவல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. அதற்கேற்ப அலுவலகம் மாறும். மனுவுடன் பத்திர நகல், வயதுச் சான்று, வில்லங்கச் சான்று ஆகியவற்றை இணைத்து, எந்த மாதம் முதல் எது நிறுத்தப்பட்டது என்று நாள் குறிப்பிட்டு எழுத வேண்டும். மருந்துக் கடைச் சீட்டும், மருத்துவமனைச் சீட்டும், பக்கத்து வீட்டார் சாட்சியமும் இங்கே பேசும். சொத்தை மீட்கும் கோரிக்கையோடு மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். மனுச் செய்ய இயலாத நிலையில் உள்ளவர் சார்பில் பதிவு பெற்ற முதியோர் நல அமைப்பு முன்வரச் சட்டம் இடம் தருகிறது.

ஆணை கிடைத்த பின் வேலை முடிந்ததென்று எண்ணிவிடக் கூடாது. அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் செய்து, பிறகு வட்டாட்சியரிடம் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்ற மனுக் கொடுக்க வேண்டும். சில நாள் கழித்து மீண்டும் ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், ரத்து ஏறியிருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.