வினாத்தாளுக்கு முன் ஒரு கட்டம்

பாட அலகுகள் ஒரு பக்கமும் சிந்தனை நிலைகள் இன்னொரு பக்கமுமாக, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று கேள்விகளை எழுதும் முன்பே வகுத்துக்கொள்ளும் அட்டவணையே புளூபிரிண்ட். அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவரது குழுவினரும் 1956இல் சிந்தனையை ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். வகுப்புத் தேர்வுக்கு அவற்றைச் சுருக்கி அறிதல், புரிதல், பயன்படுத்துதல் என மூன்றாக வைத்துக்கொண்டால் போதும்.

எட்டாம் வகுப்பு அறிவியலில் நான்கு அலகுகளுக்கு 50 மதிப்பெண் தேர்வு என்று கொள்வோம். முதல் வேலை, அலகுகளுக்கு மதிப்பெண் பிரிப்பது. இதற்குப் பக்க எண்ணிக்கையைவிடக் கற்பித்த பாடவேளைகளே நல்ல அளவுகோல். விசையும் அழுத்தமும் 8, ஒளியியல் 6, வெப்பம் 5, மின்னியல் 6 என மொத்தம் 25 பாடவேளைகள் நடந்திருந்தால், ஒரு பாடவேளைக்கு 2 மதிப்பெண் கிடைக்கும்.

அடுத்தது சிந்தனை நிலைகள். அறிதலுக்கு 30, புரிதலுக்கு 40, பயன்படுத்துதலுக்கு 30 விழுக்காடு என்று ஆசிரியர் முடிவு செய்தால், அவை முறையே 15, 20, 15 மதிப்பெண்கள். பக்கவாட்டிலும் மேலிருந்து கீழும் கூட்டுத்தொகை சரியாக வரும்படி கட்டங்களை நிரப்ப வேண்டும்.

| அலகு | அறிதல் | புரிதல் | பயன்படுத்துதல் | மொத்தம் |
|---|---|---|---|---|
| விசையும் அழுத்தமும் | 5 | 6 | 5 | 16 |
| ஒளியியல் | 4 | 5 | 3 | 12 |
| வெப்பம் | 3 | 4 | 3 | 10 |
| மின்னியல் | 3 | 5 | 4 | 12 |
| மொத்தம் | 15 | 20 | 15 | 50 |

பிறகு ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பெண்ணையும் கேள்விகளாகப் பிரிக்க வேண்டும். 5 உள்ள கட்டத்தில் ஒரு நெடுவினா வைக்கலாம். 6 உள்ள இடத்தில் மூன்று இரண்டு மதிப்பெண் வினாக்கள் பொருந்தும். இப்படியே பிரித்தால் ஒரு மதிப்பெண் வினா 10, இரண்டு மதிப்பெண் வினா 10, ஐந்து மதிப்பெண் வினா 4 என்று வினாத்தாள் அமைந்துவிடும்.

கணக்கு சரியாக வந்தாலும் கேள்வி தவறான கட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். பாடநூலில் தீர்த்துக் காட்டிய கணக்கை எண்கூட மாற்றாமல் கேட்டால், அது மனப்பாடத்தையே சோதிக்கும், பயன்படுத்துதல் ஆகாது. 500 நியூட்டன் எடையுள்ள பெட்டியின் ஒரு பக்கப் பரப்பு 0.5 சதுர மீட்டர், இன்னொரு பக்கம் 0.25 சதுர மீட்டர்; 1,200 பாஸ்கல் அழுத்தம் வரை தாங்கும் தரையில் எந்தப் பக்கம் படும்படி அதை வைக்கலாம் என்று கேட்கலாம். எடையைப் பரப்பால் வகுத்தால் 1,000, 2,000 பாஸ்கல் எனக் கிடைக்கும். பெரிய பக்கமே ஏற்றது என்று மாணவர் தானாக முடிவெடுக்க வேண்டும்.

‘அல்லது’ வினாக்களிலும் கவனம் தேவை. இரண்டும் ஒரே அலகிலிருந்து, ஒரே நிலையில் வர வேண்டும். ஒன்று ஒளியியல், மற்றது மின்னியல் என்றால், ஓர் அலகின் நெடுவினாவைத் தொடாமலே மாணவர் முழு மதிப்பெண் பெறலாம். கட்டத்தில் இருந்த சமநிலை விடைத்தாளில் இருக்காது.

வினாத்தாள் முடிந்ததும், புளூபிரிண்டைக் காட்டாமல் அதே வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இன்னோர் ஆசிரியரிடம் கொடுத்து ஒவ்வொரு கேள்வியின் அலகையும் நிலையையும் குறிக்கச் சொல்லலாம். இருவர் குறிப்பும் வேறுபடும் கேள்விகளே திருத்த வேண்டியவை.