ஒரு கிலோ எண்ணெயில் 90 கிராம் குறைகிறதா? குறைகூறும் விமர்சனத்துக்குப் பதிலும், விளம்பர வாசகத்தில் திருத்தமும்

நிலக்கடலையை மண்டிக்கு அனுப்பாமல், செக்கில் ஆட்டி எண்ணெயாக நேரடியாக விற்கும் விவசாயிகள் புதுக்கோட்டை மாவட்டத்திலும் இருக்கிறார்கள். இவர்களில் சிலர் கூகுள் மேப்பில் தங்கள் கடையைப் பதிந்து, பொருளின் படம், விலை, விவரம் ஆகியவற்றைப் போட்டு வெளியூர் ஆர்டர்களையும் பிடிக்கிறார்கள். அங்கே வாடிக்கையாளர் எழுதும் விமர்சனத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நன்றாக இருக்கிறது என்று பத்துப் பேர் எழுதியிருந்தாலும், அளவு குறைகிறது என்று ஒருவர் எழுதிவிட்டால் புதிதாக வாங்க வருபவரின் கண் அதில்தான் நிற்கும்.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். அரிமளத்தில் ஒரு விவசாயி மரச்செக்கு நிலக்கடலை எண்ணெய் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் பக்கத்தில் ‘மரச்செக்கு நிலக்கடலை எண்ணெய் – 1 கிலோ (1 லிட்டர்), ரூ.280’ என்று போட்டிருக்கிறார். காரைக்குடியில் இருந்து வாங்கிய ஒருவர் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, ‘ஒரு கிலோ என்றார்கள். வீட்டில் எடை போட்டால் 910 கிராம்தான் இருக்கிறது. ஏமாற்று வேலை’ என்று எழுதிவிட்டார். விவசாயிக்குக் கோபம் வருகிறது. அவர் லிட்டர் அளவை வைத்து நிறைவாகத்தான் ஊற்றிக் கொடுத்தார். இதில் யார் சொல்வது சரி?

இருவர் கணக்கும் சரி, வாசகம்தான் தவறு

தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால்தான் அது மிதக்கிறது. நம் ஊர் வெப்பத்தில், அதாவது 30 டிகிரி செல்சியஸ் அளவில், ஒரு லிட்டர் நிலக்கடலை எண்ணெய் சுமார் 910 கிராம் இருக்கும். ஒரு கிலோ எண்ணெய் வேண்டுமென்றால் சுமார் 1,100 மில்லி ஊற்ற வேண்டும். 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான் இருக்கும். 15 கிலோ டின் என்றால் அதில் சுமார் 16.5 லிட்டர் இருக்க வேண்டும்.

ஆக, ‘1 கிலோ (1 லிட்டர்)’ என்ற வாசகத்தை நிலக்கடலை எண்ணெய்க்கு எழுதவே முடியாது. விற்றவர் லிட்டரை மனத்தில் வைத்து ஊற்றினார். வாங்கியவர் கிலோவைப் படித்து வாங்கினார். அவர் பொய் சொல்லவில்லை. கிலோ என்று நம்பிப் பணம் கொடுத்தவருக்கு 90 கிராம் குறைந்திருக்கிறது. கிலோ ரூ.280 என்றால் அதன் மதிப்பு ரூ.25.20.

பதில் எழுதும் முன் எடை போடுங்கள்

விமர்சனம் வந்ததும் பதில் எழுத உட்காராதீர்கள். அதே நாளில் நிரப்பிய பாட்டில் ஒன்று கைவசம் இருந்தால் எடுங்கள். முத்திரையிட்ட தராசில் அதை எடை போட்டு, காலிப் பாட்டில், மூடியின் எடையைக் கழியுங்கள். நிகர எடை 910 கிராம் வந்தால் ஊற்றியதில் பிழை இல்லை, எழுதியதில்தான் பிழை என்று தெரிந்துகொள்ளலாம்.

எடை குறைவாக வந்தால் விஷயம் வேறு. வாடிக்கையாளர் சொன்ன 910 கிராம் பாட்டிலோடு சேர்த்த எடையாகவும் இருக்கலாம். காலிப் பாட்டில் 35 கிராம் என்றால் உள்ளே இருப்பது 875 கிராம்தான். லிட்டரில் சொன்னால் அது சுமார் 960 மில்லி. இது வாசகப் பிழை அல்ல, அளவே குறைந்திருக்கிறது.

இப்படிக் குறைவதற்கு ஒரு காரணம் சூடு. ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடுவது வழக்கம். அந்தச் சூட்டோடு பாட்டிலில் ஊற்றினால் எண்ணெய் விரிந்த நிலையில் கழுத்துவரை நிற்கும், ஆறியதும் இறங்கிவிடும். 45 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் என்று நிரப்பியது 30 டிகிரிக்கு வரும்போது ஏறக்குறைய 10 மில்லி குறையும். ஆகவே எண்ணெயை நிழலில் ஆறவைத்த பிறகே நிரப்புங்கள். பாட்டிலின் கோட்டைப் பார்த்து நிரப்புவதைவிட, தராசில் வைத்து 910 கிராமுக்குக் குறையாமல் நிரப்புவதே நம்பகமானது.

வாடிக்கையாளரின் புகார் சிக்கு வாடை பற்றியது என்றால் வாசகத்தைத் திருத்திப் பயனில்லை. கடலையின் ஈரப்பதம், பாட்டிலின் சுத்தம், இருப்பு வைத்த நாள்கள் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். வாசகத் திருத்தம் என்பது பொருள் சரியாக இருந்து, சொன்ன விதம் தவறாகிப்போன இடத்துக்கு மட்டுமே மருந்து.

பதில் எப்படி இருக்க வேண்டும்?

கடையைப் பதிந்த அதே கூகுள் கணக்கில் நுழைந்து, கடையின் பெயரைத் தேடினால் Read reviews என்ற பகுதி வரும். அந்த விமர்சனத்துக்குக் கீழே Reply என்பதைத் தொட்டால் பதில் எழுதலாம். இந்தப் பதிலும் எல்லோருக்கும் தெரியும். விமர்சனம் எழுதியவர் ஒருவர்தான், ஆனால் பதிலைப் படிக்கப்போகிறவர்கள் இனி வாங்க நினைப்பவர்கள் அத்தனை பேரும்.

‘எண்ணெய் லேசானது என்பதுகூடத் தெரியாமல் எழுதாதீர்கள்’ என்று பதில் போட்டால், அறிவியல் சரியாக இருந்தாலும் வியாபாரம் கெடும். படிப்பவர் மேலே பார்த்தால் ‘1 கிலோ’ என்று நீங்களே எழுதியிருப்பது தெரியும். நம் எடுத்துக்காட்டில் உள்ள விவசாயி இப்படி எழுதலாம்:

‘வணக்கம். நீங்கள் எடை போட்டது சரி. பாட்டிலில் இருப்பது 1 லிட்டர். நிலக்கடலை எண்ணெய் ஒரு லிட்டர் 910 கிராம் இருக்கும். நாங்கள் 1 கிலோ (1 லிட்டர்) என்று போட்டிருந்தது தவறு. கிலோ என்று நம்பி வாங்கிய உங்களுக்குக் குறைந்த 90 கிராமுக்கான பணத்தைத் தந்துவிடுகிறோம். பாட்டிலைத் திருப்பித் தந்து முழுப் பணத்தையும் பெற்றுக்கொள்ளலாம். கடை எண்ணுக்கு அழையுங்கள். பக்கத்தில் உள்ள வாசகத்தை இன்றே திருத்துகிறோம்.’

இதில் நான்கு செய்திகள் உள்ளன. அவர் கண்டது உண்மை, வித்தியாசம் ஏன் வந்தது, அவருக்கு என்ன செய்யப்போகிறோம், இனி எதை மாற்றப்போகிறோம் என்பவை அவை. இதற்கு மேல் செக்கின் பெருமையோ, உழைப்பின் அருமையோ வேண்டாம். வாடிக்கையாளரின் தொலைபேசி எண், முகவரி, ஆர்டர் விவரம் எதையும் பொதுவில் எழுதக் கூடாது. அவற்றைத் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, விமர்சனத்தை நீக்கினால் தருகிறேன் என்று பேரம் பேசாதீர்கள். விமர்சனத்தை மாற்றவோ நீக்கவோ பணமோ பரிசோ தருவதைக் கூகுளின் விதிகள் தடுக்கின்றன. உறவினர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போடவைப்பதும் வேண்டாம். இணையச் சந்தையில் விற்பவர், தாமே வாடிக்கையாளர்போல் விமர்சனம் எழுதுவதை 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகள் தடை செய்கின்றன. விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

வாசகத்தைத் திருத்தும் முறை

பதில் மட்டும் போட்டுவிட்டு வாசகத்தை அப்படியே விட்டால், அடுத்த மாதம் இதே புகார் மறுபடி வரும். அப்போது ‘இன்றே திருத்துகிறோம்’ என்ற பழைய பதிலே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும்.

கூகுள் பக்கத்தில் Edit products என்ற இடத்தில் பொருளின் பெயர், விலை, விவரம் ஆகியவற்றை மாற்றலாம். முதலில் எந்த அளவில் விற்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். லிட்டர் என்றால், பெயரிலேயே ‘மரச்செக்கு நிலக்கடலை எண்ணெய் – 1 லிட்டர் (910 கிராம்)’ என்று எழுதுங்கள். விவரத்தின் முதல் வரியில், ‘எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, அதனால் ஒரு லிட்டரின் எடை ஒரு கிலோவுக்குக் குறைவு’ என்று சேர்த்துவிடுங்கள். கிலோவில்தான் விற்பேன் என்றால், ஒரு லிட்டர் பாட்டிலில் ஒரு கிலோ எண்ணெய் கொள்ளாது. பாட்டிலையே மாற்ற வேண்டும்.

பாட்டிலின் மேல் ஒட்டும் லேபிளையும் பாருங்கள். சமையல் எண்ணெயின் நிகர அளவை லிட்டரில் அச்சிடும்போது வெப்பநிலையைக் குறிப்பிடாமல், எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. இதற்கு 2023 ஜனவரி 15 வரை அவகாசமும் தந்தது. எடையை அச்சிடும்போது ‘சுமார்’, ‘ஏறக்குறைய’ போன்ற சொற்களைச் சேர்க்கக் கூடாது. பொட்டலப் பொருள் விதிகள் அதை அனுமதிப்பதில்லை. 910 கிராம் என்று அச்சிட்டால் 910 கிராம் இருக்க வேண்டும். உங்கள் எண்ணெயை ஆறவைத்து, சரியாக ஒரு லிட்டர் அளந்து, பலமுறை எடை போட்டுப் பார்த்த பிறகே அந்த எண்ணை முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தொழிலாளர் துறை. லேபிள் பற்றிய சந்தேகங்களை மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய வாசகம் வேறு எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுவது அடுத்த வேலை. வாட்ஸ்அப் பட்டியல், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விலைச் செய்தி, கடைப் பலகை ஆகியவற்றைப் பாருங்கள். படத்தையும் மறக்க வேண்டாம். கேனின் மேல் ‘5 கிலோ’ என்று ஒட்டிய பழைய படம் பக்கத்தில் இருந்தால், கீழே 5 லிட்டர் என்று எவ்வளவு தெளிவாக எழுதினாலும் வாங்குபவர் படத்தைத்தான் நம்புவார். 5 லிட்டர் என்பது 4.55 கிலோதான்.

எல்லாம் முடிந்ததும் உங்கள் பழைய பதிலுக்குப் போங்கள். கூகுளில் கொடுத்த பதிலைத் திருத்தும் வசதி உண்டு. ‘திருத்துகிறோம்’ என்பதை ‘1 லிட்டர் (910 கிராம்) என்று திருத்திவிட்டோம்’ என்று மாற்றி, தேதியையும் போடுங்கள். விமர்சனம் எழுதியவர் தம் நட்சத்திரத்தை மாற்றுவதும் மாற்றாததும் அவர் விருப்பம். அவர் மாற்றாவிட்டாலும், புதிதாகப் படிப்பவர் புகாரையும் பதிலையும் திருத்திய வாசகத்தையும் சேர்த்துப் பார்த்துவிடுவார்.

புதிய வாசகம் விளங்குகிறதா என்று அறிய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. எண்ணெய் வியாபாரம் தெரியாத ஒருவரிடம் கைபேசியைக் கொடுத்து, ‘இந்தப் பாட்டிலை எடை போட்டால் எத்தனை கிராம் இருக்கும்?’ என்று கேளுங்கள். அவர் தயங்காமல் 910 என்று சொன்னால் வாசகம் சரி. ‘ஒரு கிலோதானே’ என்று சொன்னால், திருத்தும் வேலை இன்னும் முடியவில்லை.